பெட்டியில் இருந்த பட்டம்

எந்த ஆபீசையும் நம்பாதவர் கொத்தனார். ஒரு தடவை கொடுத்த காகிதத்தைத் தொலைத்துவிட்டு "நீங்க கொடுக்கவே இல்லையே" என்று சாதித்தவர்களை அவர் மறக்கவில்லை. அதனால்தான் மகள் அரசு வேலைக்கான தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்ததும் ஒரு காரியம் செய்தார். அவள் ஃபைலிலிருந்து பட்டச் சான்றிதழை உருவித் தகரப் பெட்டியில் பூட்டிவிட்டு, கலர் ஜெராக்ஸ் ஒன்றை அந்த இடத்தில் வைத்தார். மகளிடம் மூச்சுவிடவில்லை.

இப்போது சரிபார்ப்பு நடக்கும் ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே எல்லாம் தெரிந்தது. ஹால் டிக்கெட், அடையாள அட்டை பார்த்தார்கள். பிறந்த தேதிக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், பிறகு பன்னிரண்டாம் வகுப்பு, சாதிச் சான்றிதழ், நன்னடத்தை. அசல் ஒவ்வொன்றையும் நகலோடு ஒத்துப் பார்த்து உடனே திருப்பிக் கொடுத்தாள் அதிகாரி அம்மாள். திருப்பிக் கொடுப்பார்கள் என்பது கொத்தனாருக்குப் புதுச் செய்தி.

பட்டம் வந்ததும் அந்த அம்மாள் அதை வெளிச்சத்தில் பிடித்தாள். முத்திரை இருந்த இடத்தை விரலால் தடவினாள். மகள் முகம் செத்துப்போனது.

கொத்தனார் எழுந்து உள்ளே போனார். காவலாளி தடுத்தும் நிற்கவில்லை.

"தொலைஞ்சிருந்தா வேற விஷயம்மா," அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தாள். "போலீஸ்ல எழுதிக் குடுத்து, யுனிவர்சிட்டியில டூப்ளிகேட்டுக்கு மனு போட்ட ரசீதைக் காட்டினா அவகாசம் கேக்கலாம். நீங்க ஜெராக்ஸை ஒரிஜினல்னு நீட்டுறீங்க. தேர்வே எழுத முடியாதபடி தடை வரும்."

"அவளுக்குத் தெரியாதும்மா. மாத்தி வச்சது நான். ஒரிஜினல் என் பெட்டியில இருக்கு."

"எதுக்கு மாத்தினீங்க?"

"உங்களை நம்பல."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை விழுங்கினார். அதிகாரி அம்மாள் சிரிக்கவில்லை. நடந்ததை இருவரும் தனித்தனியே எழுதிக் கையெழுத்திடச் சொன்னாள். இன்று ஆபீஸ் மூடுவதற்குள் அசல் வந்தால் சரிபார்ப்பாள். வராவிட்டால் 'நிலுவை' என்று எழுதி மேலே அனுப்புவாள், அப்புறம் மேலதிகாரிகள் பாடு.

கொத்தனார் பஸ் பிடித்து ஓடினார். திரும்பி வந்தபோது வரிசை முழுக்கக் கரைந்து, மகள் மட்டும் பெஞ்சில் இருந்தாள். சட்டைக்குள்ளிருந்து எடுத்து அவரே நீட்டினார். அதிகாரி பார்த்தாள், நகலில் முத்திரை குத்தினாள், அசலைத் திருப்பி நீட்டினாள்.

வாங்கிக்கொள்ளக் கொத்தனார் கையை நீட்டினார். அதற்குள் மகள் அதை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டாள்.

வெளியே வந்ததும், "ஃபைலைக் குடும்மா, நான் தூக்கிட்டு வரேன்" என்றார்.

"வேண்டாம்பா," என்றாள் மகள். "என்கிட்டயே இருக்கட்டும்."

அவர் இடுப்பில் பெட்டிச் சாவி உறுத்தியது.