கொடுக்காத வாக்கு

இரண்டு பிரிவு ஆட்களையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தேன். மேலாளர் என்ற முறையில் நான்தான் சொல்லியாக வேண்டும். பில் போடும் பிரிவும் வசூல் பிரிவும் இனி ஒன்று. எட்டு இடங்கள் குறையும். எந்த எட்டு என்று இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை ஒவ்வொருவரிடமும் நானே தனியாகச் சொல்வேன். இவ்வளவையும் ஒளிவுமறைவில்லாமல் சொன்னேன். 'யாரும் பயப்பட வேண்டாம்' என்று மேலிடம் எழுதிக் கொடுத்த வரியை மட்டும் அடித்துவிட்டேன். எனக்கே பயமாக இருக்கும்போது அதை எந்த வாயால் படிப்பது?

"யாரை வச்சுக்கிறதுன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"புதுப் பிரிவுக்கு என்ன வேலை தேவை, அதை யார் செய்யறாங்கன்னு பாத்து. மூணு பேர் சேர்ந்து முடிவு பண்றோம். போறவங்களுக்கு மூணு மாசச் சம்பளம் உண்டு. அதுக்கு மேல எதுவும் என்னால இப்ப சொல்ல முடியாது."

ஈயாடவில்லை யார் முகத்திலும். கூட்டம் கலைந்தபோது பில் போடும் பிரிவுப் பெண் ஒருத்தி கதவருகே நடுங்கிக்கொண்டு நின்றாள். மனசு கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து, "தைரியமா இருங்கம்மா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

சற்று நேரத்தில் தேநீர் எடுக்கப் போனேன். வசூல் பிரிவின் வாயாடி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கென்னடி கவலை? மேடமே கையப் பிடிச்சுச் சொல்லிட்டாங்க. புருஷனுக்கு போன் போடப் போயிருக்கா. புது வீட்டுக்கு இன்னைக்கே அட்வான்ஸ் குடுக்கப் போறாங்களாம்."

கோப்பையை வைத்தேனா, போட்டேனா, தெரியாது. எல்லோரும் போன் பேசப் போகும் படிக்கட்டுக்கு ஓடினேன். வாயைக் கட்டிய நான் கையைக் கட்டவில்லையே என்று என்மேலேயே எரிச்சல். அந்தப் பெண் சிரித்த முகத்துடன் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"குடுக்க வேணாம்னு சொல்லுங்கம்மா! நான் கையப் பிடிச்சது ஆறுதலுக்கு. உங்க வேலை இருக்குமா, இருக்காதான்னு எனக்கே தெரியாது."

அந்தச் சிரிப்பு போன வேகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. "என்னங்க, குடுத்துட்டீங்களா?" என்று போனில் கத்தினாள். பதில் வருவதற்குள் என் உயிர் போய்விட்டு வந்தது.

"இன்னும் குடுக்கலையாம்." படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க மேடம். எனக்கு வாய் வரல."

அவர் கேட்டது ஒரே கேள்வி. "வேலை போயிடுமாங்க?"

இல்லை என்று சொல்லிவிட நாக்கு துடித்தது.

"தெரியாதுங்க. போகலாம், இருக்கலாம். வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு, எதுவா இருந்தாலும் நானே அவங்ககிட்ட நேர்ல சொல்லுவேன்."

"கண்டிப்பா சொல்லுவீங்களா?"

"கண்டிப்பா" என்றேன். அந்த ஒரு வாக்கைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது. கீழே உட்கார்ந்திருந்தவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.