அடிக்குறிப்பில் ஒரு தீட்சை

பழங்கிரேக்கத்து எலூசிஸ் மறைச்சடங்கில் தீட்சை பெற்றவர்கள் அங்கே கண்டதை வெளியில் சொல்லவில்லை. உச்சத்தில் மௌனமாக ஒரு கோதுமைக் கதிரைக் காட்டினார்கள் என்று எழுதிவைத்தவர், அந்தச் சடங்கைப் பகைத்த ஒரு கிறிஸ்தவர். சுகிர்தாவின் ஆய்வேடு முழுக்க அந்த ஒற்றைக் கதிரில்தான் தொங்கியது.

டொரொன்டோவில் அவளுடைய பேராசிரியர் ஒப்பீட்டுக்காக அவள் பெற்ற சைவ தீட்சையைத் துருவித் துருவிக் கேட்டபோது, வெளியில் சொல்லக்கூடாத மந்திரத்தைக் காக்க வாயில் வந்ததைச் சொல்லிவைத்தாள். 1996இல் அவருடைய நூல் வந்தது. அவளுடைய பொய், ‘தீட்சை பெற்றவரே தந்த சான்று’ என்று அடிக்குறிப்பில் நின்றது.

“மந்திரத்தைச் சொல்லிப்போட்டியோ?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லையம்மா. பொய்தான் சொன்னனான்.”

“அப்ப என்னத்துக்கு அழுறாய்?”

அந்தக் கிறிஸ்தவருக்குக் கதிரைப் பற்றிச் சொன்னவனும் தன்னைப் போல் ஒருவனாக இருந்தால்?