வயிற்றுச் சூட்டில் ஒரு போன்

பரீஹா இமயமலை ஏறியது பனியைப் பார்க்க அல்ல. தப்ரேஸின் வாயிலிருந்து ஓர் உண்மையைப் பிடுங்கத்தான் ஏறினாள்.

போன குளிர்காலத்திலும் தாராவியிலிருந்து இதே மலையேற்றக் குழுதான் வந்தது, அப்போதும் தப்ரேஸ்தான் தலைவன். பரீஹா அந்த முறை வரவில்லை. பாதி வழியில் வரைபடம் பார்க்கிற போன் அணைந்துவிட்டது. அதற்குச் சார்ஜ் போடும் பொறுப்பு அவள் தம்பி ஜீஷானுடையது. "சார்ஜ் இருக்கு காக்கா, குளிர்ல அணஞ்சிருக்கு. கொஞ்ச நேரம் சட்டைக்குள்ள வச்சா முழிச்சிரும்" என்று அவன் தப்ரேஸை அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சினான். தப்ரேஸ் காதில் வாங்கவில்லை. எனக்கு வழி தெரியும் என்று முன்னால் நடந்தான், எல்லோரையும் வழி தப்ப வைத்தான். அந்தப் பனியில் ஜீஷானின் வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. தோல் பை தைத்துப் பிழைக்கிறவனுக்கு விரலைவிட என்ன சொத்து இருக்கிறது? அதோடு விட்டானா பாவி? ஊர் திரும்பியதும் குழுவின் வாட்ஸ்அப்பில், ஜீஷான் சார்ஜ் போட மறந்துவிட்டான் என்று எழுதினான். அன்றிலிருந்து பட்டறையில் தம்பியின் பெயர் 'சார்ஜர்'. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பரீஹாவுக்கு வயிறு எரிந்தது.

இந்த முறை வந்தவர்கள் நான்கு பேர்: தப்ரேஸ், பரீஹா, இசக்கி, அவன் மனைவி மாரீஸ்வரி. பேட்டரி விஷயத்தில் எல்லோரும் கஞ்சர்களாக இருந்தார்கள். வரைபடத்தை மும்பையிலேயே இறக்கி வைத்துக்கொண்டார்கள். ஏரோபிளேன் மோடு போட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும், டவர் தேடித் தேடிச் சார்ஜ் கரையாது. திரை வெளிச்சத்தைக் குறைத்து, ஒரே ஒரு போனை மட்டும் திறந்து வைத்தார்கள். அது தப்ரேஸின் போன். மற்ற போன்களும் பவர் பேங்கும் வழிகாட்டியோடு கோவேறு கழுதையில் முன்னால் போய்விட்டன. பரீஹா மட்டும் தன் போனைக் கொடுக்கவில்லை. அணைத்து, உள்சட்டைக்கு அடியில் வயிற்றோடு கட்டிக்கொண்டாள்.

செருப்புப் பட்டறையில் மிஞ்சிய ஃபோமை உள்ளே வைத்து அவள் எல்லோருக்கும் போன் உறை தைத்துக் கொடுத்திருந்தாள். தப்ரேஸ் ரீல் எடுத்துக்கொண்டே வந்தான். எடுத்து முடித்ததும் சில்லிட்ட போனை அந்த உறையில் போட்டு, முதுகுப்பையின் வெளிப்பையில் செருகினான். உறை என்ன அடுப்பா, சூடு கொடுக்க? உள்ளே சூடு இருந்தால்தானே அது காக்கும்! பரீஹா பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

மதியம் மூடுபனி இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் தப்ரேஸ் போனை எடுத்தான். அது எழவில்லை.

"அரே, இப்பதான நாப்பது பர்சென்ட் இருந்துச்சு!"

"இங்க கொடுங்க காக்கா" என்று பரீஹா அதை வாங்கித் தன் உள்சட்டைக்குள் போட்டாள். ஐஸ் கட்டிபோல வயிற்றில் சுட்டது. எல்லோரையும் ஒரு பாறையின் மறைவில் உட்காரச் சொன்னாள்.

"உன் போன எடு பரீஹா, வழி பாப்போம்."

"எடுக்கறேன். ஆனா வழி பாக்க இல்ல." போனைத் திறந்து, குரல் பதிவை ஓடவிட்டு இசக்கியின் கையில் கொடுத்தாள். "போன வருஷம் ஜீஷான் சார்ஜ் போட்டிருந்தானா இல்லயா? இதுல சொல்லுங்க. அப்புறம்தான் இங்கருந்து நகரணும்."

"பாகலா நீ, பைத்தியமா? குளிர்ல செத்துருவோம்!"

"அவன் விரல் செத்துச்சே, அப்ப பதறலயே நீங்க?"

இசக்கி போனைப் பார்த்தான். வரைபடத்தைத் திறக்க ஒரு விரல் போதும். அவன் திறக்கவில்லை. பல் தந்தியடித்துக்கொண்டிருந்த மாரீஸ்வரிதான் கத்தினாள். "சொல்லித் தொலைங்க அண்ணாச்சி! குளிர் உசிர வாங்குது."

தப்ரேஸின் முகம் சுருங்கியது. "போட்டிருந்தான். சூடு காட்டுனா எழும்னும் சொன்னான். நான்தான் கேக்கல. என் மேல பழி வந்துரும்னு அவன் தலைல போட்டுட்டேன். போதுமா?"

பரீஹா உள்சட்டையிலிருந்து அவனுடைய போனை எடுத்து, பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை ஒளிர்ந்தது. முப்பத்தெட்டு சதவீதம்.

"என் தம்பி கேட்டது இவ்வளவு நேரந்தான்" என்று அதை அவன் மடியில் போட்டாள். தப்ரேஸ் குனிந்த தலையோடு வழி பார்த்தான். இடதுபக்கப் பாதை.

முகாமில் வழிகாட்டி தேநீர் கொடுத்தான். கொஞ்சம் மேலே, கொடிமரத்தடியில் மட்டும் டவர் கிடைக்கும் என்றான். பரீஹா இசக்கியிடமிருந்து தன் போனை வாங்கிக்கொண்டு எழுந்தாள். தப்ரேஸ் பின்னாலேயே ஓடி வந்தான்.

"அழிச்சிரு தாயி. ஊர்ல தல காட்ட முடியாது."

"ஜீஷான் ஒரு வருஷமா காட்டிட்டுத்தான இருக்கான்?"

அத்தனை நாள் பொத்திப் பொத்திக் காத்த போனில் ஏரோபிளேன் மோடை எடுத்தாள். டவர் வருவதும் போவதுமாக இருந்தது. குரல் பதிவு சுற்றிக்கொண்டே நின்றது, குளிர்காற்றில் சார்ஜ் மளமளவென்று இறங்கியது. அவள் போனை உள்ளே வைக்கவில்லை. கையை இன்னும் மேலே தூக்கிப் பிடித்தாள்.

பதிவு குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. கேட்டவர்கள் பட்டியலைத் திறந்தாள், முதல் ஆளாக ஜீஷானின் பெயர் வந்தது. அப்போதுதான் திரை கறுத்தது.

அந்த மலையில் பேட்டரி தீர்ந்துபோனதற்குச் சந்தோஷப்பட்டவள் அவள் ஒருத்திதான்.