பஸ் மாற்றக் கேட்ட கடிதம்

கணவன் பாஸ்கலின் அடி பொறுக்காமல் ஞானசௌந்தரி மகள் விக்டோரியாவை அழைத்துக்கொண்டு, கடற்கரைப் பக்கம் இருந்த வீட்டை விட்டு மில்லர்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி மதரிடம் கடிதம் கொடுத்தாள். வீடு மாறிவிட்டதால் மகளை மில்லர்புரம் போகும் பள்ளி பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

"பஸ்ஸுல இடம் இருக்கு. ஆனா முதல்ல பஸ்ஸுக்கு எழுதிக் குடுத்தது பிள்ளையோட அப்பா. அவரு கையெழுத்து வேணுமே" என்றார் மதர்.

"அவுகளுக்கு இந்த விலாசம் தெரியக் கூடாது மதர்."

சேலைத் தலைப்பை இழுத்து மூடியிருந்தும் அவள் கழுத்தில் காயம் தெரிந்தது. மதர் அதைப் பார்த்தார். பிறகு கடிதத்தின் ஓரத்தில் அனுமதி எழுதிக் கையெழுத்திட்டார்.

"இன்னைக்கு சாயங்காலமே புது பஸ்ஸுல ஏத்தச் சொல்லுதேன். நீ வந்து நின்னாத்தான் பிள்ளையை இறக்குவாங்க."

சாயங்காலம் விக்டோரியா மில்லர்புரத்தில் இறங்கியதும்தான் ஞானசௌந்தரிக்கு மூச்சு வந்தது.

"அம்மா, அப்பா பள்ளிக்கூட வாசல்ல நின்னாவ. நான் ஜன்னல் வழியா கை காட்டுனேன்."

"நீ எந்த பஸ்ஸுல இருக்கன்னு பாத்தாவளா?"

"பாத்தாவ. சைக்கிள்ல பின்னாலயே வந்தாவ."

ஞானசௌந்தரி மகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ் வந்த சாலையைத் திரும்பிப் பார்த்தாள்.