வராத கம்பளிக் கட்டு

கார்த்திகை தீபத்துக்கு வந்திருக்க வேண்டிய கம்பளிக் கட்டு தீபம் முடிந்தும் வரவில்லை. மலையுச்சியில் எரிந்த சுடர் அணைந்து கொப்பரையைக் கீழே இறக்கிவிட்டார்கள். மாட வீதிகளில் பொரி விற்றவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். மார்கழிப் பனி மலையின் இடுப்புவரை இறங்கி நின்றது. கம்பளி விற்கிறவளுக்கு இதைவிட நல்ல காலம் வருஷத்தில் இல்லை. மஹ்பூபாவின் கடையிலோ கம்பளி அடுக்குகிற அலமாரி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

கடையின் பெயர் 'அருணாசலா கம்பளிக் கடை'. பெயர் வைத்தவர் அவள் புருஷன் பீர் முகம்மது. "ஏன் பாய், உங்க ஆளுங்க பேரு ஒண்ணும் கெடைக்கலையா?" என்று கேட்டவர்களிடம், "மலைக்கு வர்றவன்தானே கம்பளி வாங்கறான்? மலை பேர்லயே கூப்பிட்டா சீக்கிரம் வருவான்" என்பார். அவர் காலமான பிறகு மஹ்பூபாவே துணிந்து போட்ட முதல் ஆர்டர் அந்தக் கட்டு. கடையின் முதலும், அவள் கழுத்துச் சங்கிலியை விற்ற பணமும் பானிப்பட் சேட்டுக்கு முன்கூட்டியே போய்விட்டன. சேட்டு ஏமாற்றவில்லை. சரக்கை ரயிலில் ஏற்றி, பார்சல் ரசீதையும் விலைப் பட்டியலான பீஜக்கையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டார். காகிதங்கள் வந்தன. கட்டுதான் வரவில்லை.

புருஷனின் தம்பி ஜானி பாஷா கடைக்கு வந்து காலி அலமாரியைப் பார்த்தான்.

"பாபி, நான் அப்பவே சொன்னேன். டில்லிக்கு அந்தாண்ட இருக்கறவன்கிட்ட பொம்பள வியாபாரம் பண்ண முடியுமா? ஆடி வரைக்கும் பாப்பேன். பணமோ சரக்கோ வரலன்னா, கடைய செருப்புக்காரனுக்கு விட்டுடலாம். வாடகை வரும், நீங்க வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

"நிம்மதியா இருக்கறதுக்கு வயசு இன்னும் இருக்கு தம்பி" என்றாள் மஹ்பூபா. சொல்லிவிட்டுக் காலி அலமாரியைத் துடைக்கத் தொடங்கினாள்.

தினமும் மத்தியானம் கடையை எதிர்ப்பக்கப் பூக்காரி சரசுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பார்சல் குமாஸ்தா முருகையன் அவள் தலை தெரிந்ததுமே கையை விரித்துவிடுவார். ஒருநாள் அவள் கேட்டாள்.

"அண்ணே, அது எந்த வழியாதான் வரும்?"

"டில்லி, நாக்பூர், பெஜவாடா... அப்புறம் காட்பாடி. காட்பாடில பெரிய லைன் வண்டில இருந்து எறக்கி நம்ம சின்ன லைன் வண்டில ஏத்துவாங்க. நடுவுல எத்தன கை மாறுதோ, யார் கண்டா?"

மஹ்பூபா தண்டவாளத்தைப் பார்த்தாள். வெயிலில் மின்னும் இரண்டு இரும்புக் கோடுகள். அவள் காட்பாடிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. இந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டே நடந்தால், வழியில் பெரிதாக மாறினாலும், பானிப்பட் சேட்டு வீட்டு வாசல்வரை போய்விடலாம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் நஷ்டம்கூட ஒரு நொடி மறந்துபோயிற்று. இவ்வளவு பெரிய ஒன்றிடம்தான் தன் ஒற்றைக் கட்டு சிக்கியிருக்கிறது.

"இனிமே காத்துக்கினு இருந்தா ஆவாதும்மா" என்றார் முருகையன். "மெட்ராஸ்ல கிளெய்ம் ஆபீசுக்கு எழுதுங்க. சரக்கு புக் பண்ண தேதியில இருந்து ஆறு மாசத்துக்குள்ள நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் போய்ச் சேரணும். ஒரு நாள் தாண்டிட்டாலும் வாசல சாத்திடுவாங்க. ரசீது ஒரிஜினல், பீஜக் ஒரிஜினல், ரெண்டும் வைக்கணும். சரக்கு இங்க வந்து சேரலனு நான் எழுதித் தர்றேன்."

"ஒரிஜினலையே குடுத்துட்டா என் கையில என்ன இருக்கும்?"

"ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. வாங்கிக்கிட்டாங்கன்னு கையெழுத்துப் போட்ட அட்டை திரும்பி வரும். அதான் உங்க கையில இருக்கும்."

இரண்டையும் ஒரு எழுத்து விடாமல் நகல் எழுதி வைத்துக்கொண்டு, கெடுவுக்குள்ளேயே அனுப்பினாள். மஞ்சள் அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது. அப்புறம் மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரை வெயிலில் கம்பளி என்ற வார்த்தையைச் சொன்னாலே வியர்த்தது.

அந்த வெயிலில்தான் கிளெய்ம் இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம் வந்தார். கனத்த மனிதர். குடையை மடக்கி மூலையில் சார்த்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஸ்டூல் முனகியது. சரசு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கேட்கக்கூடாத பேச்சைக் கேட்கிறவள்போல அங்கேயே நின்றுகொண்டாள்.

"ரசீது சரியா இருக்கும்மா" என்றார் அவர். "போற எடம் திருவண்ணாமலை. நோட்டீசும் கெடுவுக்குள்ள வந்திருக்கு. ஆனா ரசீதுல என்ன எழுதியிருக்கு? 'ஒரு கட்டு, உள்ளே கம்பளி இருப்பதாகச் சொல்லப்படுகிறது.' சொல்லப்படுகிறதுன்னா, உள்ள இருந்தத ரயில்வே பாக்கலனு அர்த்தம்."

"பீஜக்ல எத்தன, என்ன வெலைன்னு எழுதியிருக்கே சார்?"

"வெல எழுதியிருக்கு. அத்தனையும் உள்ள இருந்துதா? யார் பாத்தது?"

"பாக்காமலா நான் பணம் அனுப்பினேன்?"

"நீங்களும்தான் பாக்கலையே!"

சரசு களுக்கென்று சிரித்தாள். மஹ்பூபாவுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. வெறும் நம்பிக்கையின் மேல் தன் சங்கிலியைத் தூக்கிப் போட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒரு நல்லது" என்று கண்ணாயிரம் தணிந்தார். "கம்பளின்னு எழுதினதால பொழச்சீங்க. சால்வைன்னு எழுதியிருந்தா வேற சட்டம். மதிப்ப முன்னாடியே சொல்லித் தனிக் கட்டணம் கட்டியிருக்கணும். சரி, கட்டு மேல பெயிண்ட்ல என்ன எழுதுவாரு உங்க சேட்டு?"

"கட பேருதான்."

அவர் எட்டிப் பெயர்ப்பலகையைப் பார்த்தார். "அருணாசலா கம்பளிக் கடைன்னா?"

"அய்யோ, அவருக்கு அவ்ளோ நீளம் வாயில நுழையாது சார். எங்க வீட்டுக்காரரு இருந்தப்ப தபாலாபீஸ்ல போய் டிரங்க் கால் போட்டா, அந்தப் பக்கத்துல இருந்து சேட்டு 'ஹாங், அருணாசல்! அருணாசல்!'னு கத்துவாரு. வால வெட்டிட்டுத்தான் பேசுவாரு."

மோர் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"இன்னொரு தடவ சொல்லுங்க."

"அருணாசல்."

"கட்டு மேலயும் அப்படித்தான் எழுதுவாரா?"

மஹ்பூபா உள்ளே போய், முன்பு வந்த கட்டுகளின் சாக்குகளில் ஒன்றை இழுத்துவந்து விரித்தாள். தரையில் விரிக்க வைத்திருந்த சாக்கு. கறுப்புச் சாயத்தில், ஒரு முழ உயரத்துக்கு, இங்கிலீஷ் எழுத்துகளில் அந்த ஒரு சொல் மட்டும் இருந்தது. ஊர்ப்பெயர் இருந்த காகித அட்டையின் நூல் மட்டும் ஓரத்தில் தொங்கியது.

கண்ணாயிரம் குனிந்து அந்த நூலை இரண்டு விரலால் பிடித்தார்.

"ஊர் பேரு அட்டைல மட்டும். மழையில அட்டை பிஞ்சிடுச்சின்னா கட்டுல மிஞ்சறது இந்த ஒரு வார்த்தை" என்றார். குரலே மாறியிருந்தது. "அருணாசல்னு ஒரு பிரதேசம் இருக்குதும்மா."

"எங்க மலையா?"

"இல்ல. சூரியன் நம்ம நாட்ல மொதல்ல உதிக்கிற எடம். அஸ்ஸாமுக்கும் மேல, சீனா எல்லையில. அந்தப் பேரு வெச்சே சில வருஷந்தான் ஆவுது. முந்தி வேற பேரு. அட்டையில்லாத கட்ட யாராவது பாத்திருப்பான். இது எங்க போவணும்னு யோசிச்சிருப்பான். எழுத்து அருணாசல்னுதான் சொல்லுது. அங்கயே அனுப்பியிருப்பான்."

மஹ்பூபா சாக்கின் மேல் நின்றபடியே வாசல் வழியாக மலையைப் பார்த்தாள். வெயிலில் கல்லெல்லாம் சிவந்து, எப்போதும்போல உட்கார்ந்திருந்தது. பிறந்ததிலிருந்து அவள் ஒரு அருணாசலத்தைத்தான் பார்த்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இன்னொன்று, பனியும் காடுமாக, உலகத்தின் கிழக்கு மூலையில் இருந்திருக்கிறது. அந்த மலைக்கும் இந்த மலைக்கும் நடுவே எத்தனை ஆறுகள் இருக்கும்! எத்தனை பாஷைகள் இருக்கும்! அத்தனையையும் தாண்டி, அவள் கம்பளிக் கட்டு ஒரு சொல்லை மட்டும் நம்பிப் போயிருக்கிறது.

"ஏங்க்கா, நம்ம சாமியே அங்க ஒரு கிளை வெச்சிருக்குதோ?" என்றாள் சரசு.

"சும்மா இருடி" என்றாள் மஹ்பூபா. ஆனால் அவளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் தோன்றியது.

கண்ணாயிரம் சாக்கின் எழுத்தை அளந்து குறித்துக்கொண்டு போனார். "கெடச்சா என்ன ஆவும் சார்?" என்று அவள் படியில் நின்று கேட்டாள். "இருந்தா திருப்பி அனுப்புவாங்க. கொறஞ்சதுக்கு மட்டும் பணம். இல்லாம போயிருந்தா, உள்ள கம்பளி இருந்துச்சுன்னு அங்க யாராவது சொன்னா உங்க கேஸ் நிக்கும். யாரும் ஒண்ணும் சொல்லலன்னா..." என்றவர் மீதியைச் சொல்லாமல் குடையை விரித்தார்.

ஆடி பிறந்தது. ஜானி பாஷா செருப்புக்காரனைக் கூட்டிவந்து கடையின் அகலத்தைக் கையால் அளக்க வைத்தான். அவன் அளக்கும்போது மஹ்பூபா குறுக்கே நிற்காமல் நகர்ந்துகொண்டாள். அதுதான் அவளைக் கொன்றது.

அதே வாரத்தில் கண்ணாயிரம் மறுபடி வந்தார். இந்தமுறை உட்காரக்கூட இல்லை.

"கெடச்சிடுச்சும்மா. கட்டு இல்ல, சேதி. அஸ்ஸாம்ல ஒரு கடைக்கோடி ஸ்டேஷன். அங்கதான் ரயிலு முடியுது. அதுக்கு மேல மலைக்கு நடந்துதான் போவணும். கட்டு அங்க போய் எறங்கியிருக்கு. கேட்டு வாங்க ஆளு இல்ல. மாசக்கணக்கா கெடந்து, விதிப்படி நோட்டீஸ் ஒட்டி ஏலம் விட்டுட்டாங்க. ஏலத்துக்கு முன்னாடி பிரிச்சுப் பட்டியல் போடணும் இல்லையா? செவப்புக் கம்பளி, கறுப்புக் கரை. உங்க பீஜக்ல எத்தனையோ அத்தனை. ஒண்ணு கொறையல."

இங்கே யாருமே பார்க்காததை, அவள் பெயரே தெரியாத யாரோ ஒருவர், மழை பெய்கிற ஒரு ஸ்டேஷனில், ஒவ்வொன்றாக எடுத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்.

"அப்ப என் கேஸ்?"

"நிக்குது. திருவண்ணாமலைன்னு ரசீது குடுத்து வாங்கிக்கிட்டது ரயில்வே. திருவண்ணாமலைல குடுக்கல. பீஜக் வெலையும் நீங்க கட்டின ரயில் கூலியும் வரும். லாபம் வராது. ஏலத்துல எவ்ளோ கம்மியா போச்சோ, அது உங்க கவலை இல்ல."

அன்றும் செருப்புக்காரனோடு வந்திருந்த ஜானி பாஷா அவர் சொன்னதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். செருப்புக்காரனைத் திரும்பிப் பார்த்தான். அவன் மெல்ல நழுவிவிட்டிருந்தான்.

"பாபி, அடுத்த கட்டுக்கு நானே காட்பாடிக்குப் போய் நின்னு ஏத்திட்டு வர்றேன்" என்றான். அவனுக்கு அதற்குமேல் மன்னிப்புக் கேட்கத் தெரியாது.

"சேட்டுகிட்ட ஊர் பேரையும் பெயிண்ட்லயே எழுதச் சொல்லிடலாம் தம்பி. நீ டீ சொல்லு" என்றாள்.

டீ வந்தது. கண்ணாயிரம் குடித்து முடிக்கும்வரை அவள் கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினாள். கடைசியில் கேட்டுவிட்டாள்.

"அந்தக் கம்பளிங்கள யாரு வாங்கினாங்கன்னு தெரியுமா சார்?"

"ஏலத்துல எடுத்தவன் பேரு ஆபீஸ்ல இருக்கும். போத்திக்கிறவங்க பேரு எங்க இருக்கும்?"

மஹ்பூபா தலையசைத்தாள். வெளியே அந்தி வெளிச்சத்தில் ஆடிக் காற்று புழுதியைச் சுழற்றிக்கொண்டு போயிற்று. அங்கே இப்போது பொழுது சாய்ந்து இருட்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சூரியன் முதலில் வருகிற ஊரில் இருட்டும் முதலில்தானே வரும். மலை ஏறிப் போகிற யாரோ ஒருத்தி சிவப்புக் கம்பளியைத் தோளோடு இழுத்துப் போர்த்துக்கொண்டிருப்பாள்.