பத்துக்குப் பத்து

டிக் குறியைக் கண்டாலே எனக்குக் குமட்டுகிறது. டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் இப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் என் அக்கா, மகளின் வீட்டுப்பாடத் தாளை முதலாளியின் மேஜையில் விரித்துவைத்து நியாயம் கேட்ட அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“சொந்தச் சித்திகிட்ட படிச்சும் பத்துக்கு ஆறு சார். அழுதுக்கிட்டே போடுறா. பக்கத்து கிளாஸ்ல எல்லாரும் பத்துக்குப் பத்து!”

பக்கத்து வகுப்பில் திங்கட்கிழமை பத்துக் கணக்கும் எல்.சி.எம். (மீச்சிறு பொது மடங்கு), செவ்வாய்க்கிழமை பத்தும் எச்.சி.எஃப். (மீப்பெரு பொது வகுத்தி). மூன்றாவது கணக்குக்கு மேல் எந்தப் பிள்ளையும் கேள்வியைப் படிப்பதில்லை. எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு அரைத்த மாவையே அரைக்கும். நானும் புதுப் பாடத்துக்கு முதல் நாலு கணக்கை ஒரே வகையாகத்தான் கொடுப்பேன். அப்புறம் பழசும் புதுசும் கலந்துவிடுவேன். எந்த வழி என்று பிள்ளையே முடிவுபண்ண வேண்டும். தப்பு வரும். மறுநாள் உட்கார்ந்து திருத்துவோம்.

“அக்கா, போடத் தெரிஞ்சா மட்டும் பத்தாது. எங்க எதைப் போடணும்னு தெரியணும். பரீட்சைல கலந்துதானே வரும்? இப்போ திணறிக் கத்துக்கிறதுதான் பின்னாடி மனசுல நிக்கும்.”

“அழ வைக்கிறதுக்குப் பேரு பாடமாடி?”

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். “டீச்சர், பெத்தவங்க தாள்ல சிவப்பைப் பாத்தா அடுத்த மாசம் வர மாட்டாங்க.” படிப்பைப் பற்றி அந்த மனுஷன் பேசியது அவ்வளவுதான். சீ என்றிருந்தது.

அன்றே அக்கா மகள் பக்கத்து வகுப்புக்கு மாறினாள். அடுத்த மாதம் நுழைவுத் தேர்வு. தேறினால்தான் அவள் ஆசைப்பட்ட பள்ளிக்கூடம் கிடைக்கும். அதுவரை தினமும் அக்காவிடமிருந்து எனக்குப் படம் வந்தது, வரிசையாக டிக் போட்ட தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

தேர்வு முடிந்து, நானும் அக்காவும் காத்திருந்த பள்ளி வாசலுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். தாளில் ஒரு கேள்வி: பன்னிரண்டு மீட்டர், பதினெட்டு மீட்டர் நீளத்தில் இரண்டு கயிறு. இரண்டையும் மிச்சமில்லாமல் ஒரே நீளத் துண்டுகளாக வெட்ட வேண்டும். அதிகபட்சம் எவ்வளவு நீளத் துண்டு? என் வகுப்பில் ஒருத்தன் சொதப்பியிருந்தான். மற்றவர்கள் ஆறு மீட்டர் என்றார்கள்.

அக்கா மகள் முப்பத்தாறு என்றாள்.

பன்னிரண்டு மீட்டர் கயிற்றில் முப்பத்தாறு மீட்டர் துண்டு! எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, அந்த டிக்குகள் மேல்.

“ஏம்மா எல்.சி.எம். போட்டே? எச்.சி.எஃப். தெரியாதா?”

“ரெண்டும் நல்லாத் தெரியும் சித்தி.” கேள்வித்தாளை என்னிடம் நீட்டினாள். “எது திங்கக்கிழமை கணக்கு, எது செவ்வாய்க்கிழமை கணக்குன்னு தாள்ல போடவே இல்லை.”

“பாத்தியா, கேள்வித்தாளே சரியில்ல!” என்று அக்கா பள்ளி அலுவலகத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள், புகார் கொடுக்க.