இரண்டு சி.வி.யில் ஒரே வரி

சாப்பாட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகள் எதிரெதிரே திறந்திருந்தன. ஒன்று அவளுடையது, மற்றது அவள் கணவனுடையது. இருவரும் டாக்டர்கள். படித்து முடித்தாயிற்று, இனி ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரெசிடென்சி என்னும் மேற்பயிற்சிக்கு இடம் கிடைத்தால்தான் வாழ்க்கை அடுத்த படி ஏறும். அவன் இரண்டு வருடம் விண்ணப்பித்துத் தோற்றவன். பிள்ளைப்பேற்றால் தள்ளிப்போட்டிருந்த அவளுக்கு இதுதான் முதல் முறை.

அவனுடைய சி.வி.யை அவள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"எலெக்டிவ்னு, நேரடிப் பயிற்சி எடுத்த மாதிரி போட்டிருக்கீங்களே, அந்த ஒரு மாசத்துல ஒரு நோயாளியையாவது தொட விட்டாங்களா?"

"எங்க? பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னேன்."

"அப்ப அது அப்சர்வர்ஷிப். அப்படியே போடுங்க."

"வேடிக்கை பார்த்தேன்னு போட்டா எவன் மதிப்பான்?"

"எந்தத் துறை, எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும், யாரோட வார்டு சுத்தினீங்க, என்ன மாதிரி நோயாளிகளைப் பார்த்தீங்க, அதைத் தெளிவா எழுதுங்க. மதிப்பாங்க. தொட்டேன்னு எழுதிட்டு, இன்டர்வியூவுல போய் முழிக்கிறதுக்கு இது மேல்."

அவன் மாற்றினான். அடுத்து தொண்டு. 'இலவச மருத்துவ முகாம், வாரந்தோறும்' என்றிருந்தது.

"முகாமே மாசத்துக்கு ஒரு தடவைதானே நடந்துச்சு?"

குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த மாமியார் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அதுலயும் பாதி நாள் தலைவலின்னு இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படுத்திருந்தான்."

"அம்மா, நீ யாரு கட்சி?"

"நான் பிள்ளை கட்சிடா. வாயைத் திறடா கண்ணு."

மூவரும் சிரித்தார்கள். அவன் மாதம் ஒருமுறை என்று திருத்தி, ரத்த அழுத்தம் பார்த்ததையும் மருந்துச்சீட்டைப் படித்து விளக்கியதையும் சேர்த்தான். பொய்யாக இருந்தபோது கூனிக்கிடந்த வரி, உண்மையானதும் நிமிர்ந்து நின்றது.

கடைசியாக ஆராய்ச்சி. அங்கேதான் சிரிப்பு நின்றது.

சர்க்கரை நோயாளிகளின் காற்புண் பற்றி இருவரும் ஒரு குழுவில் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார்கள், பதில் வரவில்லை. 'வெளியானது' என்று அவன் எழுதியிருந்ததை 'அனுப்பப்பட்டது, முடிவு வரவில்லை' என்று மாற்ற முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தான். அவன் பெயர் முதலிலும் அவள் பெயர் மூன்றாவதாகவும் இருந்தது வழிகாட்டியான டாக்டர் போட்ட வரிசை. கட்டுரையில் உள்ள வரிசையை அப்படியேதான் எழுத வேண்டும். அதில் அவளுக்கு வழக்கில்லை. வழக்கு அதற்குக் கீழே, 'என் பங்கு' என்ற இடத்தில் இருந்தது.

அவள் எழுதியிருந்தது: 'நோயாளிகளின் கோப்புகளைப் படித்துத் தகவல் திரட்டினேன், எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்று பிரித்து, கணக்கிட்டேன்.' வயிற்றில் பிள்ளையோடு, ஜன்னலில்லாத கோப்பறையில் தூசியைத் தின்றபடி செய்த வேலை. அவன் செய்தது முன்னுரை எழுதியது.

அவனுடைய சி.வி.யிலும் அதே வரி, எழுத்துக்கு எழுத்து, உட்கார்ந்திருந்தது.

"இது நான் பண்ணது."

"நீ வேற நான் வேறயா?"

"சாப்பாட்டுல இல்ல, சி.வி.யில வேறதான். முன்னுரை எழுதினேன்னு போடுங்க. அதுவும் வேலைதானே?"

"முதல் பேரு என்னுது. முன்னுரை மட்டும் எழுதினவன் எப்படி முதல் பேரு ஆனான்னு கேப்பாங்கல்ல?" குரலைத் தாழ்த்தினான். "இது மூணாவது தடவை. இந்தத் தடவையும் போச்சுன்னா, அப்புறம் என்னை யாரும் கூப்பிடக்கூட மாட்டாங்க."

அவள் அந்த வரியைத் தொடாமல் மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினாள். கட்டியவனின் முகம் அப்படிச் சுருங்கிப் பார்த்ததில்லை. விண்ணப்பம் போயிற்று. போன பிறகு ஒரு எழுத்தையும் தொட முடியாது என்று திரையே சொல்லிற்று.

ஒரே ஆஸ்பத்திரி இருவரையும் ஒரே நாளில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. முதலில் அவன் உள்ளே போனான். திரும்பி வந்தவனை ஓர் இளம் டாக்டர் மற்றவர்களோடு வார்டு சுற்றிக் காட்ட அழைத்துப் போய்விட்டார். நடைவழியின் மறுகோடியிலிருந்து அவன் கையைத் தூக்கி ஏதோ சைகை காட்டினான். நன்றாக நடந்தது என்கிறானா, கெட்டது என்கிறானா? புரிவதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே துறைத்தலைவி. நரைத்த தலை, கழுத்தில் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. அவளுடைய சி.வி.யைப் படித்து, "சுத்தமா எழுதியிருக்கீங்கம்மா, ஊதிப் பெருக்கல" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பிறகு இன்னொரு தாளை அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டுலயும் ஒரே வரி இருக்கு. கோப்பு படிச்சது யாரு?"

வாசல்வரை வந்த உண்மையை, கணவனின் சுருங்கிய முகம் குறுக்கே நின்று மறித்தது. என் நாக்கால் அவர் பிழைப்பில் மண் விழ வேண்டுமா? கடவுளே, இது ஒன்றை மன்னித்துக்கொள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான், மேடம்."

துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றினார். மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"தண்ணி குடிங்க. அவசரமில்ல. யோசிச்சுச் சொல்லும்மா. யாரு பண்ணது?"

அவள் குடித்தாள். "பாதிப் பாதி."

"சரி" என்றார் அவர். பிறகு குழந்தையைப் பற்றி விசாரித்தார். தாள்கள் இரண்டையும் கவிழ்த்து வைத்தார்.

வெளியே, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் அவன் தாவி வந்து அவள் கையைப் பிடித்தான். முகம் கழுவிவிட்டாற்போல் இருந்தது.

"எந்தக் கோப்பையெல்லாம் விலக்கினீங்க, ஏன்னு கேட்டாங்க. தெரியல. திருதிருன்னு முழிச்சேன். அப்புறம் சொல்லிட்டேன். எல்லாம் அவதான் பண்ணா, நான் முன்னுரைதான் எழுதினேன், அந்த வரி பொய்னு. திட்டினாங்க. திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொன்னாங்க, குடுத்துட்டேன். எனக்குக் கெடைக்காது, பரவால்ல. உனக்குக் கண்டிப்பா கெடைக்கும். உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

அவள் சொன்னாள். பேருந்து வந்து, நின்று, போயிற்று. இருவரும் ஏறவில்லை.

முடிவு வந்தபோது அவள் பெயர் எங்கும் இல்லை. அவன் காத்திருப்போர் பட்டியலின் அடியில் இருந்தான். மேலே இருந்தவர்கள் வேறு இடங்களுக்குப் போய்விட, இடம் அவனுக்கு வந்தது. உண்மையை எழுதியவள் வெளியே. பொய்யை எழுதியவன் உள்ளே. வாய் திறந்த இடத்தில் இருவரும் மாறி நின்றார்கள், அவ்வளவுதான்.

"வேண்டாம்னு எழுதிப் போட்டுடறேன்" என்றான் அவன்.

"போட்டா எனக்குக் குடுப்பாங்களா? ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்து என்ன பண்றது? போங்க."

மாமியாருக்கு இதெல்லாம் தெரியாது. உறவுக்காரி யாரிடமோ போனில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "மருமக கெட்டிக்காரிதான், இல்லேங்கல. ஆனா இன்டர்வியூவுல பேசத் தெரியணும்ல? என் பிள்ளை பேசிட்டு வந்துட்டான்." அடுத்த அறையில் குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த அவள், ஒரு சட்டையை இரண்டு தரம் பிரித்து இரண்டு தரம் மடித்தாள்.

அடுத்த பருவத்துக்கு அவள் சி.வி.யைத் திறந்தாள். ஆராய்ச்சி வரி அப்படியே இருந்தது. அதில் மாற்ற ஒன்றுமில்லை. அது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதை மட்டும் சேர்த்தாள்.

அவளை அறுத்தது அந்த வரி அல்ல, தண்ணீர் டம்ளர். அந்த அம்மாளுக்கு அப்போதே பதில் தெரியும். தெரிந்துகொள்வதற்காக அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை. கணவனைக் காப்பாற்றுவதாக நினைத்து, தன்னைக் காப்பாற்ற நீண்ட கையை அவள் தட்டிவிட்டிருந்தாள். அன்பு என்று பெயர் வைத்துவிட்டால் பொய்க்கு நாற்றம் போய்விடுமா?

அவள் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவந்து மடிக்கணினியின் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். குடிக்கவில்லை.